இருநூறு கோடியில் சறுக்கிய கூட்டல்

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறைதான் பைனரி தேடல். ஜான் பென்ட்லி 1986-இல் தம் நூலில் அதைச் சரியென்று நிறுவிக் காட்டினார். ஜாவா நூலகத்துக்காக அதை எழுதிய ஜோஷுவா பிளாக், 2006-இல் இரண்டிலும் ஒரே பிழை இருப்பதை அறிவித்தார். நிரூபணத்தையும் தாண்டி இருபது ஆண்டு ஒளிந்திருந்த பிழை, நடுப்புள்ளியைக் கணக்கிடும் ஒற்றை வரியில் இருந்தது.

```
mid = (low + high) / 2
```

ஜாவாவின் `int` தாங்கும் உச்ச எண் 2147483647. `low` 150 கோடி, `high` 200 கோடி என்றால் கூட்டல் 350 கோடி. அது இடம் கொள்ளாமல் -794967296 ஆகச் சுழன்றுவிடும்; பாதி -397483648. அப்படியொரு இடம் பட்டியலில் இல்லை, நிரல் முறிந்துவிடும். பட்டியல் நூறு கோடியைத் தாண்டினால்தான் இது தலைகாட்டும் என்பதால் சோதனைகளில் சிக்கவில்லை. மருந்து எளிது:

```
mid = low + (high - low) / 2
```

தசம எண்களில் சிக்கல் வேறு: தேடல் நிற்காமலே போகலாம். இடைவெளி `1e-9`-க்குக் குறையும்வரை ஓடு என்று எழுதுவது வழக்கம். விடை 100 கோடியை ஒட்டியிருந்தால், `double` வகையில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே சுமார் 0.00000012 இடைவெளி இருக்கும். அதற்கிடையில் வேறு எண்ணே கிடையாது. எனவே நடுப்புள்ளி ஏதாவதொரு எல்லையிலேயே போய் ஒட்டும். அந்த எல்லையே மீண்டும் புதுப்பிக்கப்பட்டால் சுற்றுக்கு முடிவில்லை.

அதனால் அனுபவசாலிகள் 100 முறை பாதியாக்கிவிட்டு நிறுத்துவார்கள். இல்லையென்றால், `mid` என்பது `low` அல்லது `high`-க்குச் சமமானதும் வெளியேறுவார்கள்.