தாயம் விழக் காத்திருக்கும் கணக்கு

தாயக்கட்டை ஆட்டத்தில் காயை இறக்க வேண்டுமென்றால் முதலில் தாயம் விழ வேண்டும். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள், அவற்றில் 0, 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். ஒன்றில் 1, மற்றதில் 0 என்று விழுந்தால்தான் தாயம். அது இரண்டு விதமாக நடக்கும். ஆகவே ஓர் உருட்டலில் தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. விழாமல் போக 7/8.

முதல் தாயம் விழச் சராசரியாக எத்தனை முறை உருட்ட வேண்டும்? இதை எந்தச் சூத்திரத்தையும் கடன் வாங்காமலே கண்டுபிடிக்கலாம்.

மிகப் பெரிய கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் ஆடத் தொடங்குவதாகக் கொள்வோம். முதல் சுற்றில் எல்லோரும் உருட்டுகிறார்கள். இரண்டாம் சுற்றில் உருட்டுவது தாயம் கிடைக்காதவர்கள் மட்டும்: கூட்டத்தில் 7/8 பங்கு. மூன்றாம் சுற்றில் அவர்களிலும் 7/8 பங்கு. இப்படியே எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் தலைக்கு எத்தனை உருட்டல் என்று வந்துவிடும்:

S = 1 + 7/8 + (7/8)² + (7/8)³ + …

இது பெருக்குத் தொடர். இந்தப் பரவலுக்குப் பெருக்குத் தொடர்ப் பரவல் என்று பெயர் வந்ததும் இதனால்தான். முடிவில்லாத இந்தக் கூட்டலை முடிக்க ஒரு பழைய வழி உண்டு. இருபுறமும் 7/8 ஆல் பெருக்கினால், முதல் உறுப்பான 1 மட்டும் இல்லாத அதே தொடர் கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் S − (7/8)S = 1. எனவே S = 8. நிகழ்தகவு p என்றால் சராசரி 1/p.

ஆனால் சராசரி 8 என்பதால் பெரும்பாலோருக்கு எட்டாவது உருட்டலை ஒட்டித் தாயம் விழும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆறு உருட்டலுக்குள்ளாகவே பாதிக்கு மேற்பட்டவர்கள், சுமார் 55 சதவீதம் பேர், காயை இறக்கிவிடுவார்கள். எட்டு முறை உருட்டியும் கிடைக்காமல் சுமார் 34 சதவீதம் பேர் இருப்பார்கள். நீண்ட நேரம் காத்திருக்கும் சிலர்தான் சராசரியை மேலே இழுக்கிறார்கள். இந்தச் சிதறலை அளப்பதே விலக்க வர்க்கச் சராசரி. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அதற்கு உருட்டல் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குச் சராசரி வேண்டும். அதை T என்போம். கட்டைக்கு ஞாபகம் கிடையாது என்பதே இங்கே திறவுகோல். முதல் உருட்டலில் தாயம் விழவில்லை என்றால், ஓர் உருட்டல் செலவானதைத் தவிர நம் நிலை மாறவில்லை. ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது. புதிய காத்திருப்பை Y என்றால் மொத்தம் 1 + Y. அதன் வர்க்கம் 1 + 2Y + Y². Y-இன் சராசரி 8, Y²-இன் சராசரி மறுபடியும் அதே T. ஆகவே இதன் சராசரி 1 + 16 + T. முதல் உருட்டலிலேயே தாயம் விழுந்துவிட்டால் வர்க்கம் வெறும் 1. இரண்டையும் அவற்றின் நிகழ்தகவோடு சேர்த்தால்:

T = (1/8) × 1 + (7/8) × (17 + T)

தேடும் T இரு பக்கமும் இருப்பது கண்டு தயங்க வேண்டாம். (7/8)T-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் T/8 = 15, அதாவது T = 120. வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்க, 120 − 64 = 56. இதையே எண்களுக்குப் பதிலாக எழுத்துகளில் செய்தால், q = 1 − p என்று கொண்டு, விலக்க வர்க்கச் சராசரி q/p² என்று வரும். சரிபார்க்க: (7/8) × 64 = 56.

(T முடிவுள்ள எண் என்று தெரிந்தால்தான் அதை இப்படி இடம் மாற்றலாம். இங்கே அதில் சிக்கல் இல்லை: எண்ணின் வர்க்கம் வளரும் வேகத்தைவிட 7/8-இன் அடுக்குகள் வேகமாகத் தேய்கின்றன.)

சில புத்தகங்களில் சராசரி 1/p என்றும் சிலவற்றில் q/p என்றும் இருப்பதைப் பார்த்து மாணவர்கள் குழம்புவார்கள். பின்னதில் தாயம் விழுந்த உருட்டலைச் சேர்க்காமல், வீணானவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். நம் ஆட்டத்தில் அது 7. எல்லா எண்களும் ஒன்று குறைவதால் சிதறல் மாறாது. 56 அப்படியே இருக்கும்.

56-இன் வர்க்கமூலம் சுமார் 7.5. இந்தத் திட்ட விலக்கம் கிட்டத்தட்டச் சராசரி அளவுக்கே பெரியது. அதனால் உங்கள் வீட்டுக் கட்டை நேர்மையானதா என்று பத்து ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. நூறு காத்திருப்புகளை எழுதி வைத்து அவற்றின் சராசரியைப் பாருங்கள். அந்தச் சராசரியின் திட்ட விலக்கம் 7.5-ஐ நூறின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 0.75. ஆகவே நல்ல கட்டைக்கு அது பெரும்பாலும் 6.5-க்கும் 9.5-க்கும் இடையில் விழும். 12 என்று வந்தால் கட்டையைச் சந்தேகிக்கலாம். சராசரி 8 ஆகவே இருந்து, ஆனால் எல்லாக் காத்திருப்புகளும் ஏழு, எட்டு, ஒன்பது என்று நெருங்கி நின்றால், சந்தேகிக்க வேண்டியது உருட்டும் கையை.