கடையும் கணக்கும்: ‘ஒரு ஸ்டார்’ மிரட்டல்

சித்திரா பௌர்ணமி நெருங்கினால் தெலுக் இந்தான் தையல் கடைகளில் வேலை குவிந்துவிடும். அளவு தவறுவதும் அந்த அவசரத்தில்தான். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, இரவில், ஒரு தையற்காரருக்கு இப்படி வாட்ஸ்அப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “ரவிக்கை கை நுழையவே இல்லை. சேலைக் காசு 250, கூலி 60, மொத்தம் 310 வெள்ளி நாளைக்குள் வரணும். இல்லாவிட்டால் கூகளில் ஒரு ஸ்டார் போட்டு, படத்தோடு எழுதுவேன்.”

இதில் புகார் ஒன்று, மிரட்டல் ஒன்று. பதில் புகாருக்கு மட்டும் போகட்டும். முதலில் அளவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கைச் சுற்றளவு பதினொன்றரை அங்குலம் என்று எழுதியிருக்க, பதினொன்றுக்குத் தைத்திருந்தால் தவறு கடையுடையது. அப்போது எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“அக்கா, படம் பார்த்தேன். கையை அரை அங்குலம் குறைத்துத் தைத்துவிட்டேன், தப்பு என்னுடையது. மன்னிச்சிடுங்க. உள்ளே துணி விட்டிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுத்தால் மாலை ஐந்துக்குள் பிரித்துத் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். அது வேண்டாமென்றால் கூலி 60 வெள்ளியை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன். எது வசதி, சொல்லுங்க.”

ரிவியூ பற்றி ஒரு சொல்லும் இதில் இல்லை, கவனியுங்கள். ‘எழுதாமல் இருந்தால் தருகிறேன்’ என்று சேர்த்தால் அது வாய்ப்பூட்டு விலையாகிவிடும். மோசமான ரிவியூவை நீக்கவோ மாற்றவோ சலுகை தருவதை கூகள் விதி தடுக்கிறது. அந்த வரியைப் படமெடுத்துப் போட்டால் ரவிக்கையை விட அதுதான் கடைக்குக் கெட்ட பெயர். நிவாரணம் அவருக்கு உரியது, எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

310 வெள்ளி தர வேண்டுமா? வேண்டியதில்லை. சேலை கெடவில்லை. உள்ளே துணி போதாமல் ரவிக்கையைச் சரிசெய்யவே முடியாது என்றால், கூலியோடு ரவிக்கைத் துணியின் விலையும் கொடுப்பதே நியாயம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யச் சொல்கிறது. குறையை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யக் கேட்கும் உரிமையையும் வாடிக்கையாளருக்குத் தருகிறது. நாம் சொல்லும் நேரமும் தொகையும் அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும்.

அளவு சரியாகவே இருந்தால் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, கையை இலவசமாகத் தளர்த்தித் தருவதாகச் சொல்லுங்கள். பணம் பேச வேண்டாம்.

தவறு கடையுடையதாக இருந்து நிவாரணம் சொன்ன பிறகும் ஒரு ஸ்டார் விழலாம். அங்கேயும் இரண்டு வரி போதும்: கை இறுக்கமாக இருந்தது உண்மை, தைத்துத் தரவோ கூலியைத் திருப்பவோ முன்வந்தோம், இன்றும் தயார். அவர் உடல் அளவையோ வாட்ஸ்அப் உரையாடலையோ பொதுவில் போடவே கூடாது. 310 வெள்ளிதான் வேண்டும் என்றால், 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் அவர் மனுச் செய்யலாம். அங்கே உங்கள் முதல் பதிலும் சாட்சியாகும். ஆகவே அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

(தொடரும்)