ஐம்பதாயிரம் வைரங்களும் ஒரு கருந்திட்டும்

ஆர் என்ற புள்ளியியல் மொழியைக் கற்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்திலேயே ஒரு வைரப் பட்டியலைச் சந்தித்துவிடுவார்கள். ஹாட்லி விக்கம் உருவாக்கிய ggplot2 என்ற வரைபடத் தொகுப்போடு அது இலவசமாகவே வரும். பெயர் `diamonds`. உருண்டை வடிவில் பட்டை தீட்டிய 53,940 வைரங்களின் எடை, விலை, நிறம், தரம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. எடை காரட்டிலும் (ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்) விலை அமெரிக்க டாலரிலும் தரப்பட்டிருக்கின்றன.

எடைக்கும் விலைக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க எவருக்கும் முதலில் தோன்றுவது சிதறல் வரைபடம்தான். கிடையாக எடை, செங்குத்தாக விலை, ஒவ்வொரு வைரத்துக்கும் ஒரு புள்ளி. இருபது முப்பது வைரங்கள் என்றால் இதைவிட நேர்மையான படம் கிடையாது. ஆனால் 53,940 புள்ளிகளை ஒரே சட்டத்துக்குள் வைத்தால், இடது கீழ் மூலையிலிருந்து வலது மேலாக விரியும் ஒரு பெரிய கருந்திட்டுதான் மிஞ்சும். எடை கூடினால் விலை கூடுகிறது என்பது தெரியும். அதைத் தெரிந்துகொள்ள வரைபடமே தேவையில்லை.

அந்தத் திட்டு ஏன் உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் மிகச் சிறிய வைரம் 0.20 காரட், மிகப் பெரியது 5.01 காரட். விலை 326 டாலரில் தொடங்கி 18,823 வரை போகிறது. ஆனால் வைரங்களில் பாதி 0.70 காரட்டோ அதற்குக் குறைவோதான். பாதி வைரங்களின் விலையும் 2,401 டாலரைத் தாண்டவில்லை. இந்த இரண்டு பாதிகளிலும் இருப்பவை பெரும்பாலும் ஒரே கற்கள். ஆகவே படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கும் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கும் மட்டுமே கொண்ட ஒரு மூலையில் ஏறத்தாழ பாதிப் பட்டியல் அடைந்து கிடக்கிறது. மறுபுறம், 2.5 காரட்டுக்கு மேல் உள்ள வலது பாதி முழுவதும் ஓரிரு நூறு கற்களுக்கும் குறைவானவற்றுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கோ மூலையும் கருப்பு, நடுப்பகுதியும் கருப்பு. ஓர் இடத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் அங்கே விழும் மை ஒரே அளவுதான்.

இதைச் சரிசெய்ய முதலில் செய்யக்கூடியது, புள்ளிகளை ஒளி ஊடுருவும்படி வரைவது. ஆல்ஃபா என்ற எண் இதைத் தீர்மானிக்கிறது. 1 என்றால் முழுக் கருப்பு, 0.01 என்றால் ஒரு புள்ளி நூறில் ஒரு பங்கு மட்டுமே கருமை சேர்க்கும்.

```r
library(ggplot2)
ggplot(diamonds, aes(carat, price)) +
  geom_point(alpha = 0.01, size = 0.5)
```

ஆல்ஃபா 0.1 என்றால் பத்துப் புள்ளிகள் விழுந்ததும் இடம் முழுக் கருப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒவ்வொரு புதுப் புள்ளியும் மிச்சமிருக்கும் வெண்மையில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு புள்ளிக்கு 10 சதவீதம், இரண்டுக்கு 19, பத்துக்கு 65. 99 சதவீதக் கருமையை எட்ட 44 புள்ளிகள் தேவை. அதற்குப் பிறகு 45-வது புள்ளிக்கும் 500-வது புள்ளிக்கும் கண் வேறுபாடு காணாது. ஆல்ஃபாவை 0.01 ஆக்கினால் இந்த எல்லை ஏறத்தாழ 460 புள்ளிகளுக்குத் தள்ளிப்போகும். நம் பட்டியலில் மிகச்சரியாக 0.30 காரட் எடையுள்ள கற்கள் மட்டும் 2,604. அவற்றின் விலைகளும் நெருங்கியே இருக்கின்றன. எனவே 0.01-கூட அந்த மூலைக்கு அதிகம்தான்.

சரி, இன்னும் குறைப்போம் என்றால் மறுமுனையில் இழப்பு நேர்கிறது. 5.01 காரட் வைரம் 18,018 டாலர் விலையில் தனியாக நிற்கிறது. ஆல்ஃபா 0.01-இல் அது வெள்ளைத் தாளில் ஒரு சதவீதச் சாயல். கண்ணுக்குத் தெரியாது. அதாவது, நெரிசலைத் திறக்கும் ஆல்ஃபா தனித்து நிற்பவற்றை அழித்துவிடுகிறது. இந்தப் பட்டியல் முழுவதுக்கும் பொருந்தும் ஒரே ஆல்ஃபா கிடையாது என்பதே என் முடிவு. இரண்டு மூன்று மதிப்புகளில் வரைந்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆல்ஃபாவைப் பாதியாக்கும்போது கருந்திட்டுக்குள் புதிதாகக் கோடுகளோ இடைவெளிகளோ தோன்றினால், முந்தைய படம் அங்கே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்று பொருள். பாதியாக்கியும் புதிதாக எதுவும் தெரியவில்லையென்றால் போதுமான அளவுக்கு வந்துவிட்டோம்.

அப்படிக் குறைத்துப் பார்த்தவருக்குக் கிடைப்பது அழகான பரிசு. திட்டு கலைந்து செங்குத்துப் பட்டைகளாகப் பிரிகிறது. 0.3, 0.5, 0.7, 1.0, 1.5, 2.0 காரட்டுகளில் அடர்ந்த பட்டைகள். ஒவ்வொன்றின் இடது ஓரமும் செங்குத்துச் சரிவுபோல் கூர்மையாக இருக்கும். வலது ஓரம் மெதுவாக மங்கும். எண்களே இதைச் சொல்கின்றன: பட்டியலில் 0.99 காரட் கற்கள் 23. 1.00 காரட் கற்கள் 1,558. 1.01 காரட் கற்கள் 2,242.

நம்மூர் நகைக்கடைகளில் காரட்டின் நூறில் ஒரு பங்கைச் சென்ட் என்பார்கள். 99 சென்ட் வைரத்துக்கும் 100 சென்ட் வைரத்துக்கும் வெறும் கண்ணால் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் வைர வணிகத்தில் விலை எடைப்படிகளாக நிர்ணயிக்கப்படுகிறது. ஒரு காரட்டைத் தொட்டதும் கல் அடுத்த படிக்கு ஏறிவிடும். இதை நன்கு அறிந்த பட்டை தீட்டுபவர் அந்த ஒரு சென்ட்டை இழக்க மாட்டார். வடிவத்தின் நேர்த்தியைச் சற்று விட்டுக்கொடுத்தாவது எடையைக் கோட்டுக்கு மேலேயே நிறுத்துவார். வரைபடத்தில் தெரியும் அந்தச் சரிவு இயற்கை உண்டாக்கியதல்ல, சந்தை உண்டாக்கியது. கருந்திட்டைப் பார்த்து ‘எடை கூட விலை கூடும்’ என்று எழுதிவிட்டுப் போனவருக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

ஒளி ஊடுருவும் புள்ளிகள் எது எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும். எத்தனை என்று சொல்லாது. அதற்கு எண்ண வேண்டும். படப் பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் கொடுப்பதே இரண்டாவது வழி. கட்டங்கள் தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணங்களாக இருப்பது நல்லது என்பதை டேனியல் காரும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை பரவலாக்கியது.

ஏன் சதுரமாக இருக்கக் கூடாது? சதுரத்தின் மூலையில் விழும் புள்ளி மையத்திலிருந்து அதிகம் விலகி நிற்கிறது. அதே பரப்புள்ள அறுகோணத்தில் அந்த அதிகபட்ச விலகல் ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. அதைவிட முக்கியம், சதுரங்கள் அடுக்கியிருந்தால் கண் தானாகவே நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகளைத் தேடும். நம் வைரப் படத்தில் உண்மையான அமைப்பே நெடுக்கில் ஓடும் பட்டைகள்தான். எது தரவின் கோடு, எது கட்டத்தின் கோடு என்று தெரியாமல் போய்விடும்.

```r
ggplot(diamonds, aes(carat, price)) +
  geom_hex(binwidth = c(0.05, 250)) +
  scale_fill_viridis_c(transform = "log10")
```

இதில் கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. நெரிசலான மூலையில் உள்ள ஓர் அறுகோணத்துக்குள் பல நூறு கற்கள் இருக்கும். வலது ஓரத்தில் உள்ளதில் ஒன்றே ஒன்று. நிறத்தைச் சீரான அளவில் பிரித்தால் அந்த மூலை மட்டும் ஒளிரும். மற்ற எல்லா இடமும் ஒரே நிறத்தில் மூழ்கிவிடும். கருந்திட்டு வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்லலாம். மடக்கை அளவில் 1, 10, 100 என ஒவ்வொரு பத்து மடங்குக்கும் நிறம் சம தூரம் நகர்கிறது. தனியாக நிற்கும் 5.01 காரட் கல்லுக்கும் தனக்கான அறுகோணம் கிடைத்துவிடுகிறது. ஆல்ஃபாவால் செய்ய முடியாதது இது.

இரண்டாவது வரியில் அறுகோணத்தின் அளவை நாமே கொடுத்திருக்கிறோம். கொடுக்காவிட்டால் ggplot2 ஒவ்வொரு திசையையும் முப்பதாகப் பிரித்துக்கொள்ளும். அப்போது ஓர் அறுகோணத்தின் அகலம் 0.16 காரட். 0.99-உம் 1.00-உம் ஒரே அறைக்குள் போய்விடும். சந்தை செதுக்கிய அந்தச் சரிவு தடமின்றி மறையும். படம் என்னவோ நேர்த்தியாகத்தான் இருக்கும், அதனால்தான் எனக்கு இதில் கவலை. கருந்திட்டைப் பார்த்தால் ஏதோ குறை என்று எவருக்கும் தோன்றும். வழவழப்பான அறுகோணப் படத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

அறையை மிகச் சிறிதாக்குவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எடைகள் ஒரு சென்ட் துல்லியத்தில் பதிவானவை. அறையின் அகலத்தை ஒன்றரை சென்ட்டாக வைத்தால், சில அறைகளுக்குள் இரண்டு எடைகள் விழும், சிலவற்றுக்குள் ஒன்றுதான் விழும். உடனே இருள், வெளிச்சம், இருள், வெளிச்சம் என்று தரவில் இல்லாத கோடுகள் தோன்றும். பதிவின் துல்லியத்தைவிடச் சில மடங்கு பெரிய அறையே பாதுகாப்பு. தோன்றுவது உண்மையா என்று பார்க்க, அகலத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் வரைய வேண்டும். அறையோடு சேர்ந்து நகரும் கோடுகள் பொய். சரிவுகள் 1.0, 1.5, 2.0 என்ற அதே இடங்களில் நிற்கும்.

இந்தப் பட்டியல் இன்னொன்றையும் ஒளித்து வைத்திருக்கிறது. 1,455 டாலரிலிருந்து 1,545 டாலர் வரை எந்த விலையிலும் ஒரு வைரம்கூட இல்லை. அதற்குச் சற்றுக் கீழேயும் சற்று மேலேயும் கற்கள் தாராளமாக இருக்கின்றன. இயல்புநிலை அறுகோணம் ஏறத்தாழ 600 டாலர் உயரம் கொண்டது. 91 டாலர் இடைவெளியை அது விழுங்கிவிடும். சாதாரணப் புள்ளிப் படத்திலும் தெரியாது. 600 பிக்சல் உயரமுள்ள படத்தில் அந்த இடைவெளிக்குக் கிடைப்பது மூன்று பிக்சல். ஐந்து பிக்சல் விட்டமுள்ள புள்ளிகள் இரு புறமிருந்தும் அதை மூடிவிடும். விலை அச்சை 3,000 டாலரோடு நிறுத்தி, புள்ளியைச் சுருக்கி, ஆல்ஃபாவைக் குறைத்தால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு திறக்கிறது.

எடைச் சரிவுகளுக்குச் சந்தையில் காரணம் உண்டு. இந்தக் கோட்டுக்கு இல்லை. இலேசான கல், கனமான கல் என்ற வேறுபாடின்றி எல்லா எடையிலும் அதே இரு விலைகளுக்கு இடையில் அது நேராக ஓடுகிறது. வைரத்தின் எந்தக் குணமும் அப்படி ஒரு கோட்டை உண்டாக்காது. 1,500 டாலருக்கு விற்க மாட்டோம் என்று வணிகர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கவும் மாட்டார்கள். தரவைத் திரட்டும்போது ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். 1,500 டாலர் அளவில் எத்தனை கற்கள் விற்பனைக்கு உள்ளன என்ற கேள்வியை இந்தப் பட்டியலிடம் கேட்டுப் பயனில்லை. அதனால் எத்தனை அழகான அறுகோணப் படம் கைக்கு வந்தாலும், அதை அச்சுக்கு அனுப்புமுன் அதே தரவைச் சின்னஞ்சிறு மங்கலான புள்ளிகளாக ஒரு முறை வரைந்து, பகுதி பகுதியாகப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவதையே நான் வழக்கமாகச் சொல்லித் தருகிறேன். படம் வெளியாகும்போது ஓர் அறையின் அகலம் எத்தனை காரட், உயரம் எத்தனை டாலர், நிறம் மடக்கை அளவிலா சீரான அளவிலா என்ற மூன்றையும் அதன் அடியில் அச்சிட வேண்டும்.