ஓடும் எழுத்துக்கு எவ்வளவு மங்கல்?

நொடிக்கு 24 பிரேம் எடுக்கும் சினிமா கேமராவில், ஷட்டர் வழக்கமாக ஒவ்வொரு பிரேமிலும் பாதி நேரம், அதாவது 1/48 நொடி, திறந்திருக்கும். அதற்குள் நகரும் பொருள் இழுபட்டுப் பதிகிறது. கணினியில் செய்த டைட்டிலில் அந்த இழுபடல் இல்லாததால், காட்சியின் மேல் அது தத்தித் தத்தி ஓடுகிறது.

நொடிக்கு 960 பிக்சல் நகரும் எழுத்து ஒரு பிரேமுக்கு 40 பிக்சல் தாண்டும். மங்கல் அதில் பாதி, 20 பிக்சல். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மோஷன் பிளரை இயக்கி Shutter Angle-ஐ 180 என வைத்தால் இது கிடைத்துவிடும். ஆனால் நல்ல வெயிலில் 1/240 நொடி ஷட்டரில் எடுத்த செல்போன் காட்சி கூர்மையாகவே இருக்கும். அதன்மேல் 180 வைத்தால் எழுத்து மட்டும் தனியாகக் கலங்கித் தெரியும். அங்கே 36 தான் சரி. ஷட்டர் அளவு தெரியாதபோது, வேகமாக வீசும் கை உள்ள பிரேமை நிறுத்தி, அதன் மங்கலோடு எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.