தீர்ப்புக்கு முன் ஒரு தேதி

கிரெடிட் கார்டு பில்லில் ஏதோ தவறு என்று வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறோம். இரண்டு நாளில் பதில் வருகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. புகார் பதிவாகிவிட்டது, விசாரித்து இன்ன தேதிக்குள் சொல்கிறோம் என்பதோடு முடிந்துவிடுகிறது. தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கட்டத்தில் வங்கியால் நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதைச் சரியாகச் சொல்லியிருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம். மதுரையில் இருக்கும் ஒருவர் ஊட்டியில் ஓட்டல் அறைக்கு இணையத்தில் பணம் கட்டுகிறார். பாதியில் திரை நின்றுவிட, மறுபடி முயன்று கட்டி முடிக்கிறார். ஜூன் 5-ஆம் தேதி பில் வருகிறது. மொத்தம் 18,640 ரூபாய். அதில் ஓட்டலுக்கான 6,200 ரூபாய் இரண்டு முறை இருக்கிறது. பணம் கட்டக் கடைசி நாள் ஜூன் 23. அவர் ஜூன் 8 அன்று புகார் செய்கிறார், 10-ஆம் தேதி பதில் வருகிறது.

அந்த 10-ஆம் தேதி வங்கிக்கு என்ன தெரியும்? ஒரே ஓட்டலுக்கு ஒரே தொகை இரண்டு தடவை போயிருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு எண் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஓட்டல்காரர் ஓர் அறை ஒதுக்கினாரா, இரண்டு ஒதுக்கினாரா என்பது அவருடைய பதிவேட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால், வங்கி தன் ஆட்சேபத்தை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நிறுவனத்தின் வழியாக ஓட்டலின் வங்கிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது ஓட்டலுக்குப் போகும். இந்த நடைமுறைக்கு ‘சார்ஜ்பேக்’ என்று பெயர். பதில் சொல்ல ஓட்டலுக்கும் அவகாசம் உண்டு. அதனால் வாரக்கணக்கில் ஆகலாம்.

இதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்டால் இரண்டு விதமாகத் தவறு நேரும். ‘மன்னிக்கவும், பணம் திரும்பிவிடும்’ என்று வங்கி எழுதிவிட்டு, பிறகு இரண்டு அறைக்கான பதிவை ஓட்டல் காட்டினால், கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். மாறாக, ‘ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கிறது, எனவே செல்லும்’ என்று எழுதினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகும். கார்டுக்காரரே பணம் கட்டியதற்கு ஓடிபி ஒரு சான்றாகலாம். ஒரே அறைக்கு இரண்டு தடவை வாங்கியது சரியா என்பதை அது சொல்லாது.

எனவே முதல் பதிலில் வாக்குறுதி இருக்கலாம், ஆனால் அது வங்கியின் கையில் இருக்கும் விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். முடிவு ஓட்டலின் பதிவேட்டைப் பொறுத்தது. எப்போது எழுதுவோம் என்பது வங்கியையே பொறுத்தது. நல்ல பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘ஓட்டல் கட்டணம் 6,200 ரூபாய் இருமுறை பிடிக்கப்பட்டதாக நீங்கள் அனுப்பிய புகார் ஜூன் 8 அன்று கிடைத்தது. புகார் எண் இது. ஓட்டலிடம் விளக்கம் கேட்கிறோம். ஓட்டல் அனுப்பிய பதிவு உறுதிச் செய்தி உங்களிடம் இருந்தால் ஜூன் 15-க்குள் அனுப்புங்கள். ஜூலை 8-க்குள் எழுத்தில் பதில் தருவோம். அதுவரை இந்த 6,200 ரூபாய்க்கு வட்டியோ தாமதக் கட்டணமோ சேராது. மீதி 12,440 ரூபாயை ஜூன் 23-க்குள் கட்டிவிடுங்கள்.’

ஜூலை 8 என்ற தேதிக்குக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு வழிகாட்டுதல்களின்படி, பில்லை ஒருவர் ஆட்சேபித்தால், புகார் வந்த 30 நாட்களுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும், தேவையான இடத்தில் ஆவணச் சான்றும் காட்ட வேண்டும். அதற்குள் ஓட்டலின் பதில் வராமல் போனால் அதையே எழுதி, அடுத்த தேதியைச் சொல்வதுதான் முறை.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விசாரணை நடக்கும்போதும் பில்லின் கெடு நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டம் இதற்கு நேரடியாக வழி சொல்கிறது. எழுத்துப்பூர்வப் புகாரை வங்கி 30 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பில் சுற்றுக்குள், அதிகபட்சம் 90 நாட்களுக்குள் முடித்துவைக்க வேண்டும். அதுவரை தகராறில் உள்ள தொகையை வாடிக்கையாளர் கட்டாமல் வைத்திருக்கலாம். இந்தியாவில், மோசடி என்று ஆட்சேபிக்கப்பட்ட தொகைக்கு விசாரணை முடியும்வரை கட்டணம் போடக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் இரட்டைப் பிடித்தம் மோசடி ஆகாது. அதனால் கடிதத்தில் அந்த வரி இல்லையென்றால், கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் புகாரைத் தொடர்வதுதான் பத்திரம்.

நாம் செய்யாத பரிவர்த்தனை என்றால் கணக்கே வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, புகார் வந்த உடனே எண்ணுடன் ஒப்புகை போக வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர் மேல் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். நம் பக்கத்துக் கெடு இன்னும் குறுகியது. வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாத இடத்தில், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால்தான் நமக்கு இழப்பே இல்லை. எனவே வங்கியின் ஒப்புகையில் பதிவாகும் தேதியும் நேரமும் நமக்கும் சாட்சி. இங்கே ஓர் எச்சரிக்கை: தற்காலிக வரவு வந்ததும் வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. விசாரணை எதிராக முடிந்தால் அந்தப் பணம் திரும்ப எடுக்கப்படும்.

இந்த முதல் பதில் கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவைதான். ‘விரைவில் தெரிவிப்போம்’ என்று தேதியில்லாமல் வருவது ஒன்று. இன்னொன்று, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மறுநாளே வரும் குறுஞ்செய்தி. பதில் அனுப்பியதையே தீர்த்ததாகக் கணக்கு வைத்துப் புகாரை மூடிவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். அப்போது திரும்ப அழைத்தால் புது எண் கொடுப்பார்கள், நாட்களும் புதிதாக எண்ணப்படும். அதனால் எப்போதும் முதல் எண்ணையும் முதல் தேதியையும் குறிப்பிட்டே எழுத வேண்டும். தொலைபேசியில் சொன்ன புகாரையும் அன்றே மின்னஞ்சலில் ஒருமுறை அனுப்பிவிடுவது நல்லது.

முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே முதலில் பார்ப்பது, வங்கியிடம் எப்போது புகார் செய்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதைத்தான். ஜூன் 8 என்ற தேதியும் புகார் எண்ணும் உள்ள அந்தக் கடிதம் கையில் இருந்தால், தாமதம் நடந்ததா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. நாட்காட்டியைப் பார்த்தாலே போதும்.