மேடையில் வாசிக்கப்படும் நான்கு வரி

மாநாட்டில் பேச ஒப்புக்கொண்டால் ஏற்பாட்டாளர்கள் நான்கு விஷயம் கேட்பார்கள்: தலைப்பு, பேச்சின் சுருக்கம், புகைப்படம், உங்களைப் பற்றி நூறு சொற்களுக்குள் ஒரு குறிப்பு. முதல் மூன்றையும் பார்த்துப் பார்த்து அனுப்புகிறவர்கள்கூட, நான்காவதற்குப் பழைய பயோடேட்டாவைத் திறந்து மேலிருந்து பத்து வரியை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். பயோடேட்டா வேலை கொடுப்பவருக்காக எழுதியது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் வேலை கொடுக்கப்போவதில்லை. இந்த விஷயத்தை இவர் சொல்லி நான் ஏன் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருப்பூரில் சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில் தலைமைப் பொறியாளராக இருக்கும் பெண்மணி. கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது பற்றிப் பேசப்போகிறார். அவர் முதலில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ஈரோட்டில் பிறந்த இவர் பள்ளிப்படிப்பை அங்கேயே முடித்து, வேதிப்பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். பல்வேறு நிறுவனங்களில் முக்கியப் பொறுப்புகளை வகித்துள்ளார். சுற்றுச்சூழலில் தீராத ஆர்வமும் 15 ஆண்டுகளுக்கும் மேலான அனுபவமும் கொண்ட இவர், கடின உழைப்புக்குப் பெயர் பெற்றவர்.”

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஒரு சர்க்கரை ஆலை மேலாளருக்கும் இதே குறிப்பு பொருந்தும். ‘முக்கியப் பொறுப்புகள்’ என்றால் என்ன பொறுப்பு? ‘தீராத ஆர்வம்’ என்பதைத் தன்னைப் பற்றித் தானே எழுதினால் யார் நம்புவார்கள்? அந்த 15 ஆண்டு அனுபவம் அடுத்த வருடமே பழைய கணக்காகிவிடும்.

விசாரித்துப் பார்த்தால் விஷயம் வேறு இடத்தில் இருக்கும். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, அவர் ஒரு பட்டறையின் ஆய்வகத்தில் வேலையில் இருந்திருப்பார். பிறகுதான் சுத்திகரிப்புப் பக்கம் வந்திருப்பார். கழிவுநீரை அனுப்பும் இடத்திலும் இருந்திருக்கிறார், வாங்கும் இடத்திலும் இருக்கிறார். அந்தத் தலைப்பில் அவர் பேச்சைக் கேட்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. “நொடித்துப்போன கதையையெல்லாம் எதற்கு எழுதணும்?” என்று அவர் அதைத்தான் விட்டிருப்பார். திருத்தி எழுதினால் இப்படி வரும், பெயர் முன்னால்:

“திருப்பூரில் சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் தலைமைப் பொறியாளர். கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்துப் பட்டறைகளுக்கே திருப்பித் தரும் பணியை 2013 முதல் கவனித்துவருகிறார். அதற்கு முன், 2011இல் பட்டறைகள் மூடப்பட்ட காலத்தில், ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகப் பொறுப்பில் இருந்தார். வேதிப்பொறியியல் பட்டதாரி.”

நான்கே வாக்கியம், பாராட்டுச் சொல் ஒன்றும் இல்லை. இப்போது செய்யும் வேலை முதலில் வருகிறது, படிப்பு கடைசிக்குப் போய்விட்டது. ‘2013 முதல்’ என்று எழுதியதால் வருடாவருடம் எண்ணை மாற்றும் வேலையும் இல்லை. விருது வாங்கியிருந்தால், தலைப்போடு தொடர்புள்ள ஒன்றைச் சேர்க்கலாம். ஐந்து விருதை அடுக்கினால் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தலைவர் உங்களை முன்பின் பார்த்திராதவராக இருக்கலாம். மேடையேறும்போதுதான் தாள் அவர் கைக்கு வரும். மூச்சு முட்டும் நீண்ட வாக்கியத்திலும் விளக்காத சுருக்கெழுத்துகளிலும் அவர் தடுக்கி விழுவார். பிறகு தாளை மடித்துவிட்டு, “அறிமுகமே தேவையில்லாதவர்” என்று முடித்துக்கொள்வார். நம்மூர் மேடைகளில் அந்த வாக்கியம் பாதி நேரம் இப்படித்தான் பிறக்கிறது என்பது என் சந்தேகம்.

இதே குறிப்பை அப்படியே நிறுவன இணையதளத்தின் குழுப் பக்கத்தில் போட முடியாது. அங்கே வருகிற வாடிக்கையாளர், எந்த வேலைக்கு யாரைக் கேட்பது என்று தேடி வருகிறார். அதனால் 2011 பின்னால் போய், ‘புதிய பட்டறைகளுக்கு இணைப்பு தருவது, கழிவுநீரின் தரத்தைச் சோதிப்பது இவர் பொறுப்பு’ என்பது முன்னால் வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களின் குறிப்புகளும் ஏறக்குறைய அதே நீளத்தில் இருப்பது நல்லது. ஒருவருக்கு இரண்டு வரி, இன்னொருவருக்கு அரைப்பக்கம் என்றால், இரண்டு வரிக்காரர் நேற்றுச் சேர்ந்தவர் போலத் தெரிவார்.

வெளிநாட்டு மாநாடு என்றால் நமக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினால், மேடையில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். குறிப்பின் முதல் வாக்கியத்துக்குப் பிறகு உங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டுமோ அந்தப் பெயரையே எழுதிவிட்டால், வாசிப்பவரும் அதையே பிடித்துக்கொள்வார். உச்சரிக்கச் சிரமமான பெயர் என்றால், அதை அசை பிரித்து ஒரு வரியில் தனியே எழுதி அனுப்பலாம். நல்ல கூட்டத்தலைவர்கள் அதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள்.