கழுத்து விளிம்பு தோளைத் தொடும் இடம்

தையல்கடையில் ‘போட் நெக்’ என்று சொல்லித் தைத்து வாங்கிய ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால், தோள் திடீரென்று அகலமாகத் தெரியும். துணியின் விளிம்பு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக் கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடுகிறது. கண்ணும் அந்தக் கோட்டோடு குறுக்கே ஓடிவிடுகிறது. ஆழமில்லாத அந்த வளைவு படகின் வடிவத்தை ஒத்திருப்பதால் இந்தப் பெயர். 1858இல் பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்குச் சீருடையான கோடுபோட்ட பனியனின் கழுத்து இதுதான்.

ஒடுங்கிய தோளுக்கும் சரிந்த தோளுக்கும் இதைவிடப் பொருத்தமான வெட்டு இல்லை என்பேன். ஆனால் அளவு தவறினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தோள் அகலம் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மடித்த துணியில் பாதி 7 அங்குலம். மடிப்பிலிருந்து 5 அங்குலம் கழுத்துக்கு விட்டால் தோள்பட்டைக்கு 2 அங்குலம் மிஞ்சும். முன் கழுத்து ஆழம் 3 அங்குலம் போதும். தோள் ஏற்கெனவே அகலமானவர்கள் அந்த 5 அங்குலத்தை 4 ஆக்கினால், குறுக்குக் கோடு சுருங்கிவிடும்.

இதில் அடிக்கடி வரும் கோளாறு, குனியும்போது முன் கழுத்து வாய்பிளப்பது. காறை எலும்புக்குக் கீழே உடம்பு குழிவாக இருக்கிறது. நேராக ஓடும் விளிம்பு அந்தக் குழிவில் படியாமல் தூக்கி நிற்கிறது. தோள் தையலில், கழுத்தை ஒட்டிய முனையில் மட்டும் கால் அங்குலம் உள்ளே பிடித்து, கைப்பக்கம் போகப் போக ஒன்றுமில்லாமல் கரைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சதுரக் கழுத்தில் குறுக்குக் கோட்டோடு இரண்டு செங்குத்துக் கோடுகளும் உண்டு. அவை தோளை நடுவில் வெட்டுவதால் கழுத்து நீளமாகத் தெரியும், உருண்ட தோளுக்கு ஒரு கூர்மை கிடைக்கும். மூலையில் தையல்வரை சாய்வாகக் கத்தரி போடாவிட்டால், திருப்பும்போது அங்கே சுருக்கம் விழும். இதயத்தின் மேல்பாதியை ஒத்த ஸ்வீட்ஹார்ட்டோ பார்வையை நடுவுக்கு இழுத்து, தோளைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

கால்நடையின் கழுத்துக்கயிற்றிலிருந்து பெயர் பெற்றது ஹால்டர். விளிம்பு அக்குளிலிருந்து சாய்ந்து கழுத்துக்கு ஏறுவதால் தோள் முழுவதும் வெளியே தெரியும்; அகன்ற தோள் இன்னும் அகலும். பாரம் முழுக்கப் பிடரியில் விழும் என்பதால் கனமான ஜரிகை வேலை இதற்கு ஆகாது.

கவுல் கழுத்துக்குப் பெயர் தந்தது துறவியின் தலைமூடித் துணி. தோள்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட நீளமாக வெட்டிய விளிம்பு, தன் எடையால் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். 45 பாகைச் சாய்வில், அதாவது கிராஸாக வெட்டினால், பாவும் ஊடும் சேர்ந்த சிறு சதுரங்கள் சாய்சதுரமாக நெகிழும். மடிப்பு மெதுவாக விழும். பாரிஸில் மேட்லின் வியோனே 1920களில் புகழ்பெற்றது இந்தச் சாய்வு வெட்டால்தான். ஜார்ஜெட் துணியில் இது அழகு; மொடமொடப்பான பருத்தியில் விறைத்து நிற்கும்.

எந்தக் கழுத்தானாலும், கடைசித் தையலுக்கு முன் ஒருமுறை போட்டு, கண்ணாடி முன் குனிந்து பாருங்கள்.